நாலெல்லைக்காரர் விழுங்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு லட்சத்து எட்டாயிரம்

பத்திரம் எழுதும் நாலெல்லைக்காரர் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாயை விழுங்கிவிட்டார் என்ற செய்தி என் காதுக்கு வந்தபோது அது ஒன்றரை லட்சமாக வளர்ந்திருந்தது. முடிவெட்டும் கடையில் இரண்டு லட்சம். மருந்துக்கடையில் இன்னொரு தகவலும் சேர்ந்துகொண்டது: பாதி அவருக்கு, மீதி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. ஆள் மாற மாறத் தொகை ஏறியதே தவிர, யாருடைய பணம் போனது என்பதில் மட்டும் ஊரே ஒரே பேச்சாக இருந்தது. என் மச்சானுடையது. என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் என்று சொன்னால் என் வீட்டில் சோறு கிடைக்காது.

நாலெல்லைக்காரருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவருடைய ஒரு கெட்ட பழக்கம் காரணம். மற்ற எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதிய பத்திரத்தை எழுதுவார்கள். இவர் அளவு நாடாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மனைக்கே போவார். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு எல்லையையும் நடந்து பார்ப்பார். மூலைக்கல்லைச் செருப்பால் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பெயர் கேட்பார். அதன்பிறகுதான் பேனாவைத் திறப்பார். இருபத்தாறு வருடமாகப் பதிவு அலுவலக வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய கணினி. எழுதிய பத்திரத்தைக் கடைசியில் உரக்க வாசித்துக் காட்டுவார். அப்போது வாங்குகிறவர் கொட்டாவி விட்டால் அந்தப் பத்தியை மறுபடியும் வாசிப்பார்.

இப்போது அந்த மேசைமேல் ஒரு கோணிச்சாக்கு கிடந்தது. மச்சான் மாவட்டப் பதிவாளருக்கு எழுதிய புகாரினால், விசாரணை முடியும்வரை அவருடைய உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. புகார் நிரூபணமானால் உரிமம் அடியோடு ரத்து. ஐம்பத்துநாலு வயதில் அவருக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்திருந்தாலும், மூலைக்கல்லைச் செருப்பால் தட்டுகிறவருக்கு யார் வேலை தருவார்கள்?

மச்சானின் கணக்கு எளிமையானது. வாங்கியது ஆயிரத்து இருநூறு சதுரடி காலிமனை. கேட் சந்துக்குள் திறக்கிறது. அந்தச் சந்துக்கு அரசாங்கம் போட்ட வழிகாட்டி மதிப்பு சதுரடிக்கு இரண்டாயிரம். ஆக இருபத்துநாலு லட்சம். அதற்கு முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம், மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். ஆனால் நாலெல்லைக்காரர் கட்ட வைத்தது மூன்று லட்சத்து இருபத்துநாலாயிரம். வித்தியாசம் ஒரு லட்சத்து எட்டாயிரம்.

"பக்கத்து மனைக்காரன் ரெண்டாயிரம் ரேட்டுலதான் கட்டியிருக்கான் அத்தான். எனக்கு மட்டும் மூவாயிரமா? என் நெத்தியில என்ன எழுதி ஒட்டியிருக்கு?" என்று மச்சான் கேட்டான். ஒட்டியிருப்பதை நான் படித்துக் காட்டவில்லை.

முதலில் ரசீதைக் கேட்டேன். வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தான். பணம் இணையம் வழியாக, மச்சானுடைய வங்கிக் கணக்கிலிருந்து, நேராக அரசாங்கக் கணக்குக்குப் போயிருந்தது. தீர்வை இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம், கட்டணம் எழுபத்திரண்டாயிரம். இடையில் யாருடைய கையும் இல்லை. நாலெல்லைக்காரர் விழுங்கியிருந்தால் அரசாங்கத்தின் வயிற்றுக்குள் புகுந்துதான் விழுங்கியிருக்க வேண்டும்.

சந்தேகம் அத்தோடு சாகவில்லை, இடம் மாறிக்கொண்டது. திருடவில்லை சரி, அலுவலகத்தோடு சேர்ந்து வேண்டுமென்றே ஏற்றிவிட்டிருக்கிறார் என்றான் மச்சான். எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. பதிவன்று அவர் ஜன்னலருகே போய்க் குமாஸ்தாவின் காதில் ஏதோ சொன்னதை மச்சான் கண்ணால் பார்த்திருக்கிறான். குமாஸ்தாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: கழிப்பறைச் சாவி கேட்டாராம். நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்து மனைக்கே போனேன். கேட் சந்தில்தான் இருந்தது. கிழக்குப் பக்கம் ஆள் உயர மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் அகலமான பெரிய வீதி, எதிரே வங்கி, பேருந்து நிறுத்தம். மச்சானின் மதிலில் யாரோ டியூஷன் விளம்பரம் எழுதியிருந்தார்கள். விளம்பரம் எழுதுகிறவன் சந்தில் எழுதமாட்டான்.

நாலெல்லைக்காரரை அவர் வீட்டில் பார்த்தேன். உரிமம் இல்லாததால் பேனாவைத் தொடாமல், பையனின் கிழிந்த பள்ளிப்பையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எதிர்த்தரப்பு ஆள் என்று தெரியும்.

நான் கேட்காமலே ஆரம்பித்தார். வழிகாட்டி மதிப்பு என்பது மனைக்குப் போட்ட விலை இல்லை, வீதிக்குப் போட்ட விலை என்றார். மனை இரண்டு வீதியைத் தொட்டால் இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. கேட் எங்கே வைப்பது உங்கள் இஷ்டம், எல்லை எங்கே இருக்கிறது என்பது உங்கள் இஷ்டம் இல்லை. பக்கத்து மனைக்காரருக்குக் கிழக்கில் உங்கள் மச்சான்தான் எல்லை. உங்கள் மச்சானுக்குக் கிழக்கில் பெரிய வீதி. ஆகவே சதுரடி மூவாயிரம், முப்பத்தாறு லட்சம்.

"அப்படின்னா மார்க்கெட் விலை அதே முப்பத்தாறுதானா?" என்று தெரியாதவன்போல் கேட்டேன்.

ஊசியை நிறுத்தினார். "அரசாங்கம் அந்த வீதிக்கு விலை போட்டு நாலு வருஷமாச்சு சார். அப்ப வங்கியும் இல்ல, பஸ் நிறுத்தமும் இல்ல. அது, இதுக்குக் கீழ எழுதாதேன்னு போட்ட கோடு. மார்க்கெட் விலைங்கிறது வாங்குறவன் அவசரமும் விக்கிறவன் பிடிவாதமும் சந்திக்கிற இடம். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு யார் சொன்னா?"

தலைகீழாகவும் நடக்கும் என்றார். சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீதி. வழிகாட்டிப் பட்டியலில் அதுவும் மூவாயிரம், ஆனால் இரண்டாயிரத்துக்குக் கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே வாங்கியவருக்கு நிஜ விலையையே எழுதி, அதற்குண்டான தீர்வையைக் கட்டி, மதிப்பை நேரில் பார்த்து முடிவு செய்யச் சொல்லி மேலதிகாரிக்கு அனுப்ப வைத்தாராம். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்துக் குறைத்துக் கொடுத்தார். என்ன, பத்திரம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது.

"எது அதிகமோ அதுக்குத் தீர்வை. பேசின விலை அதிகம்னா பேசின விலைக்கு. பட்டியல் அதிகம்னா பட்டியலுக்கு. இதுல நான் எங்க சார் ஏத்துறது?"

நம்ம ஊரில் பேசின விலை எப்போதும் பட்டியல் விலைக்குச் சரியாக, ரூபாய் பிசகாமல் இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டேன். வாங்குகிறவரும் விற்கிறவரும் மூன்று மாதம் அடித்துக்கொண்டு கடைசியில் அரசாங்கத்தின் மனதில் இருந்த அதே தொகைக்கு வந்து சேருகிறார்கள். இப்படி ஒரு மன ஒற்றுமை கல்யாண வீடுகளில்கூடக் கிடையாது.

"முப்பத்தாறுக்குக் கீழ எழுத முடியாதுன்னு முதல்லயே சொல்லிட்டு, உங்க மச்சான்கிட்டயும் வித்தவர்கிட்டயும் நிஜ விலை என்னன்னு ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் முப்பத்தாறுன்னுதான் சொன்னாங்க. சொல்றப்ப ரெண்டு பேரும் மேல காத்தாடியைப் பார்த்தாங்க. காத்தாடி பார்க்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே."

விசாரணை அந்த வெள்ளிக்கிழமை. மாவட்டப் பதிவாளர் மெலிந்த அம்மாள், குரலும் மெலிசு. ஒரு பக்கம் மச்சான், புதுச் சட்டையோடு. மறுபக்கம் நாலெல்லைக்காரர், மடியில் துணிப்பையோடு. நான் சுவரோரம். அம்மாள் புகாரைக் கையில் எடுத்து வாசித்தார். தன் நேர்மையும் ஏமாற்றமும் ஒருசேர விளங்க வேண்டும் என்று மச்சான் அதை மூன்று நாள் உட்கார்ந்து எழுதியிருந்தான். நகலை நான் முன்பே படித்திருந்தேன். அப்போது அந்த வரி என் கண்ணில் பட்டதா என்று கேட்காதீர்கள்.

"'வியர்வை சிந்திச் சம்பாதித்த நாற்பத்தைந்து லட்சத்தை முழுதாகக் கொடுத்து மனை வாங்கிய என்னிடம்...'" அம்மாள் நிறுத்தினார். பத்திரத்தைப் புரட்டினார். "இதுல முப்பத்தாறுன்னு இருக்கு. நாப்பத்தஞ்சு உண்மையா?"

மச்சான் மேலே பார்த்தான். அந்த அறையில் காத்தாடி இல்லை, ஏசி.

"உண்மைன்னா, எழுத்தர் உங்களை ஏமாத்தல, நீங்க பத்திரத்துல விலையைக் குறைச்சிருக்கீங்க. ஒன்பது லட்சத்துக்குத் தீர்வை அறுபத்து மூவாயிரம், கட்டணம் பதினெட்டாயிரம். எண்பத்தோராயிரம் பாக்கி. அபராதம் எவ்வளவுன்னு அப்புறம் சொல்வோம். பொய்னா, பொய்ப் புகார்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

யோசிக்க அரைமணி நேரம் கொடுத்தார். வெளியே வராந்தாவில் மச்சான் விற்றவருக்கு நாலு முறை போன் செய்தான். அந்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே போயிருந்தது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், நேராக நாலெல்லைக்காரரிடமே போனான்.

"அண்ணே, அந்த ஒன்பது லட்சம் மனையில கிடந்த செங்கல், தகரத்துக்குன்னு எழுதிரலாமா? அதெல்லாம் தூக்கிட்டுப் போற பொருள்தானே, அதுக்குத் தீர்வை இல்லைன்னு சொல்றாங்க."

நாலெல்லைக்காரர் அவனைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். "நாலு எல்லையும் நான் நடந்த மனைப்பா அது. அங்க இருந்தது அறுபது செங்கல். ஒரு செங்கல் பதினஞ்சாயிரமா?"

மச்சான் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்போதுதான் அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. நாற்பத்தைந்து உண்மை என்றும், குறைந்த தொகையைத் தானே முன்வந்து கட்டுவதாகவும், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டான். ஆனால் புகாரை மூன்று நாள் உட்கார்ந்து எழுதியவனுக்கு இதை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் வராந்தாவில், தன்மேல் போட்ட புகாரைத் திரும்பப் பெறும் மனுவை நாலெல்லைக்காரரே சொல்லச் சொல்ல, மச்சான் எழுதினான். முடித்ததும் அவர் அதை உரக்க வாசித்துக் காட்டினார். மச்சான் கொட்டாவி விடவில்லை.

உரிமம் திங்கட்கிழமை திரும்பி வந்தது. கோணிச்சாக்கை மடித்து மேசைக்குக் கீழே போட்டார். எண்பத்தோராயிரத்தையும் மச்சான் கட்டினான். அபராதக் கடிதம் இன்னும் வரவில்லை. விற்றவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் இப்போது வேறு பேச்சு: நாலெல்லைக்காரர் அந்த அம்மாளுக்குத் தூரத்து உறவாம். இதையும் விசாரிக்க வேண்டும்.

மனு சொல்லிக்கொடுத்ததற்கு அவர் கேட்ட கூலி இருநூறு ரூபாய். மச்சான் சட்டைப்பையைத் தடவிவிட்டு, "நாளைக்கு" என்று சொல்லிப் போனான். ஐந்து வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை நானே கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்க சாட்சி சார். கட்ட வேண்டியது கையெழுத்துப் போட்டவர்."

இருநூறு இன்னும் என் பையில்தான் இருக்கிறது.