தலையணைக்குள் இருந்த கம்மல்

சித்தூரில் ஆசிரியப் பயிற்சி விடுதியின் தாழ்வாரத்தில் விடுதி அம்மா என் தகரப் பெட்டியைக் கவிழ்த்தபோது, முதலில் விழுந்தது நைனா வாங்கித் தந்த முகம் பார்க்கும் கண்ணாடி. அது உடையவில்லை. அதன்மேல் என் உள்பாவாடைகள், மாதவிலக்குக்கு மடித்து வைத்திருந்த பழந்துணிகள் எல்லாம் விழுந்தன. விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சென்னை ராஜதானிக் காலம் அது. வெதுருகுப்பத்தில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்திலிருந்து வந்தவள் நான். என் அறைத்தோழி திருப்பதிக்காரி, வக்கீல் குமாஸ்தாவின் மகள், என்னைவிட இளையவள். அவளுடைய கல் வைத்த கம்மலில் ஒன்று காணாமல் போயிருந்தது. "ரூம்புல நானும் அந்த அக்காவும்தானே இருக்கோம், வேற யாரு எடுப்பா?" என்று விடுதி அம்மாவிடம் அவள் சொன்னதன் விளைவுதான் அந்தச் சோதனை. பெட்டியில் கம்மல் இல்லை. இல்லாததும் எனக்கு எதிராகவே போயிற்று. எங்கேயோ கைமாற்றிவிட்டேன் என்றார்கள்.

விடுமுறைக்குப் படுக்கையையும் சுருட்டிக்கொண்டு திருப்பதி போனவள் திரும்பி வந்ததும் துணி துவைக்கும் கல்லருகே என்னைத் தேடி வந்தாள். காய்ச்சலில் படுத்திருந்தபோது காது உறுத்துகிறதென்று கழற்றி, தலையணைக் கிழிசலுக்குள் செருகி மறந்திருக்கிறாள். பஞ்சை வெயிலில் காயவைக்க அவள் அம்மா தலையணையைப் பிரித்தபோது அகப்பட்டதாம்.

"தப்பு பண்ணிட்டேன் அக்கா. என்ன மன்னிச்சிடு."

"எல்லார் எதிர்லயும் பெட்டிய கொட்டனாங்க. இங்க வந்து தனியா சொல்லிக்கினு இருக்கியே?"

அவள் அழவில்லை, சாக்குச் சொல்லவுமில்லை. அன்று சாப்பாட்டு வேளையில் எழுந்து நின்றாள். "கம்மல் என் தலகாணிலதான் இருந்துச்சி. அக்கா எடுக்கல. பார்க்காமலே நான்தான் பழி போட்டேன்" என்றாள். அதைவிட நேர்மையாக யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கை கழுவப் போகும்போதுதான் எனக்குப் பின்னால் ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "எடுத்தவளே பயந்துபோயி தலகாணில சொருகி இருப்பா. பாவம், இது நல்ல பொண்ணு, காப்பாத்துது."

அறைத்தோழிக்கும் அது கேட்டது. திரும்பி நின்று சண்டை போட்டாள். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு கத்தினாளோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவள் நல்லவளானாள். நான் திருடியாகவே நின்றேன். பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போனாள். ஒருநாள், "இன்னா செய்யறதுன்னே தெரியல அக்கா" என்றாள். அவளை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். அது எங்கள் இருவருக்குமே உதவவில்லை. மறு பருவத்தில் வேறு அறை கேட்டுப் போய்விட்டாள்; என் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

நான் வாத்தியாரம்மாவாகி, பேரன் பேத்தியும் கண்டாயிற்று. இன்றைக்கும் யார் வீட்டுக்காவது போனால், வீட்டுக்காரி காப்பி போட உள்ளே போகும்போது நானும் எழுந்து அவள் பின்னாலேயே போய் அடுப்படியில் நிற்கிறேன். "நீங்க உக்காருங்கம்மா" என்கிறார்கள். கூடத்தில் தனியாக உட்கார என்னால் முடிவதில்லை.