அட்டையால் மூடிய வரிகள்

தஞ்சாவூர் தொழிலாளர் அலுவலகத்தில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. பெயர், யாரைப் பார்க்க, எதற்கு என்று எழுதினால்தான் அனுமதிச் சீட்டு. துபாய் வேலை என்று தன் கணவரை ஏமாற்றிய ஏஜென்ட் மேல் புகார் கொடுக்க வந்த ஒரு பெண், அந்த ஏஜென்ட் பெயரையும் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அந்த ஏஜென்டே வந்தார். ஊரறிந்த முகம். மேல்வரிகளை அட்டையால் மூடிப் பேனாவை நீட்டினேன்.

"உக்காருங்க சார். உங்க வரியில மட்டும் எழுதுங்க."

"அட்டைய எடுறா. எவ வந்திருக்கான்னு பாக்கணும்."

"முடியாதுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"நீயே குடி!"

எழுதாதவருக்குச் சீட்டு தரவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து வாசலையே முறைத்தார். அந்தப் பெண் திரும்பியதும் சீட்டை வாங்கி, வெளியேறும் நேரத்தைக் குறித்து, பின்வாசல் வழியாக அனுப்பினேன். அலுவலகம் மூடும்வரை அவர் டீக்கு மேல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.