கடுகு வெடிக்காத தக்காளி சாதம்

குற்றாலத்தில் நான் படித்த கல்லூரி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை இரவு மெஸ் கிடையாது. சமையல்காரர்களுக்கு அன்று ஓய்வு. மதியமே தயிர்சாதப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். அதனால் முதலாமாண்டுப் பிள்ளைகள் வெந்நீர்க் கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைத்தார்கள். ஒருத்தி முட்டையையும் போட்டு, அது உள்ளேயே உடைந்து, மூன்றாம் மாடி முழுக்கக் கரண்ட் போனது.

மறுநாள் வார்டன் எங்கள் அறைக்கு வந்தார். காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி வைக்க வாங்கிப் போட்டிருந்த எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரைப் பொதுவில் தருவதாகவும், அதில் ஒரே பாத்திரத்தில் ஒரு சாப்பாடு செய்வதை நாங்கள் சின்ன வீடியோவாக எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்.

"ஒன்றரை நிமிசம் போதும். பாக்குத பிள்ளைக்குப் புரியணும். ஹாஸ்டலு எரியக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

எங்களிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அறையில் மூன்று பேர். சிவகிரிக்காரி தமிழ் இலக்கியம் படித்தாள், ஆண்டு விழா நாடகங்களை எல்லாம் அவள்தான் எழுதுவாள். இன்னொருத்தி இயற்பியல், அவளிடம் நல்ல கேமராவுள்ள போன் இருந்தது. நான் வணிகவியல். எனக்கு வாய் இருந்தது. எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். பஸ்ஸில் தினமும் போய்வரும் தூரம்தான், ஆனால் புளியங்குடி தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும் என்பதால் விடுதியில் விட்டிருந்தார்கள்.

சிவகிரிக்காரி ஒரே ராத்திரியில் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டாள். தாளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் என்ன காட்ட வேண்டும், வலது பக்கம் என்ன பேச வேண்டும் என்று முறையாகத்தான் எழுதியிருந்தாள். சாப்பாடு தக்காளி சாதம். வலது பக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது: 'அன்னையின் மடி பிரிந்து அறிவின் வாசல் தேடி வந்த என் அருமைத் தோழியரே!'

போன்காரி அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "இதச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஒன்றரை நிமிசம் போயிரும். அரிசிய எப்பம் போட?"

"உணர்ச்சி வேண்டாமாட்டி?"

"பசிக்கிதவளுக்கு என்ன உணர்ச்சி? நேரா தக்காளிக்கு வா."

அந்த வரி போயிற்று. 'செங்காந்தள் நிறத்தில் கனிந்த தக்காளி' என்ற வரியும் போயிற்று. செங்காந்தள் விஷச்செடி என்று நான் சொன்னபோது அவள் என்னோடு அரைமணி நேரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொது அறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையில் படப்பிடிப்பு. சீசன் நேரம். வெளியே சாரல், உள்ளே ஈர வாடை. அருவிக்குப் போகும் வேன்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டே சாலையில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வேனும் கடந்து போகும்வரை நான் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலைபோல நிற்க வேண்டியிருந்தது.

இடது பக்கம் முதல் காட்சி: 'எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கிறது.' குக்கருக்குள் எண்ணெய் விட்டேன், சுவிட்சை அமுக்கினேன், கடுகைப் போட்டேன். போன்காரி கேமராவைக் கடுகுக்கு அருகில் கொண்டுபோனாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். டக்கென்று சுவிட்ச் மேலே ஏறிக்கொண்டது. சமையல் விளக்கு அணைந்து, சோறு சூடாறாமல் வைத்திருப்பதற்கான விளக்கு எரிந்தது. கடுகு எண்ணெயில் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

மறுபடி அமுக்கினேன். நிற்கவே இல்லை. கொஞ்சம் ஆறவிட்டு அமுக்கினேன். கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் டக்.

"குக்கர் ரிப்பேரு" என்றேன்.

"உனக்குக் கை ராசி இல்ல" என்றாள் சிவகிரிக்காரி. "கரண்டிக் காம்ப வச்சு சுவிட்ச அமுக்கிப் பிடி. ஃப்ரேமுக்கு வெளிய பிடிச்சா யாருக்குத் தெரியும்?"

பிடித்தேன். எண்ணெய் புகைய ஆரம்பித்தது, கடுகும் ஒன்றிரண்டு வெடித்தது. சிவகிரிக்காரி கைதட்டினாள். அந்தப் புகையை மோப்பம் பிடித்து வார்டன் வந்து நின்றார். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, என்ன சொல்லி அனுப்புனேன்? எரிக்கக் கூடாதுன்னு வீடியோ எடுக்கச் சொன்னா, எரிக்கது எப்படின்னு எடுக்கியளா?"

பொது அறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி அவர் முன்னிலையில்தான் எல்லாம்.

போன்காரி குக்கரின் உள்பாத்திரத்தை எடுத்துவிட்டு, அடியிலிருந்த வட்டத்தை எட்டிப் பார்த்தாள். அந்த வாரம்தான் அவளுக்குக் காந்தவியல் பரீட்சை முடிந்திருந்தது. பரீட்சையில் எழுதியது எதற்காவது உதவும் என்று அவளே எதிர்பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

"இது ரிப்பேரு இல்லட்டி. இதுக்கு அடியில காந்தம் இருக்கு. பாத்திரத்துல தண்ணி இருக்க மட்டும் சூடு கொதிநிலையத் தாண்டாது. தண்ணி வத்துனதும் சூடு மேல ஏறும். ஏறுனா காந்தம் பிடிய விட்ரும், சுவிட்சு எந்திச்சிரும். சோறு வெந்துட்டுன்னு அது அப்படித்தான் தெரிஞ்சிக்கிடுது. வெறும் எண்ணெயச் சுடவச்சா, அதும் தண்ணி வத்திட்டுன்னு நினைக்கு."

"அப்பம் கடுகு?"

"கடுகு வெடிக்க அதவிடச் சூடு வேணும். இந்தக் குக்கருல நல்லா வெடிக்காது."

சிவகிரிக்காரியின் முகம் விழுந்துவிட்டது. "கடுகு இல்லாம தக்காளிச் சோறா? அது என்ன பத்தியமா?"

"உனக்குக் குக்கருல ஆக்கத் தெரியும்லா?" என்று வார்டன் அவளைக் கேட்டார்.

அவள் சுவரைப் பார்த்தாள். அதுவரை அவள் வெந்நீர்கூட வைத்ததில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஸ்கிரிப்ட் முழுவதும் அவள் அம்மாவிடம் போனில் கேட்டு எழுதியது. அம்மா கேஸ் அடுப்பில் விசில் குக்கர் வைத்துச் சொல்லியிருக்கிறார், இவள் விசில் வரும் வரியை மட்டும் அடித்துவிட்டு மற்றதை அப்படியே எழுதிவிட்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கேயே தரையில் உட்கார்ந்து, வீறாப்பாக முழுத் தாளையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினாள். தாளிப்பே கிடையாது, வதக்கலும் கிடையாது. ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு. துவரம்பருப்பு விசில் இல்லாமல் லேசில் குழையாது, பாசிப்பருப்பு வெந்துவிடும் என்று வார்டன் சொன்னதைக் குறித்துக்கொண்டாள். இரண்டையும் கழுவி ஊறவைப்பது. நறுக்கிய வெங்காயம், தக்காளி, பூண்டு, கீறிய பச்சைமிளகாய், மஞ்சள்தூள், உப்பு, ஒரு கரண்டி எண்ணெய் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அதே டம்ளரில் மூன்று டம்ளர் தண்ணீர். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கி வழியும் என்பது ஒரு வரி. சுவிட்ச் தானாக ஏறிய பிறகும் மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவைக்க வேண்டும் என்பது கடைசி வரி. அலங்காரமாக ஒரு சொல்கூட இல்லை. அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன், அவளுக்குக் கோபம் வரும்.

கழுத்துக்குக் கீழே, கைகளை மட்டும் எடுத்தார்கள். நான் பேசிக்கொண்டே போட்டேன். மூடியை வைத்ததும் ஸ்கிரிப்டில் பேச்சு முடிந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் நானாக ஒன்றைச் சேர்த்துவிட்டேன்: "இவ்வளவுதாம்ப்பா. எங்க வாப்பாகூட இத ஆக்கிருவாரு. அவருக்குத் தண்ணி மோந்து குடிக்கவே ஒரு ஆளு வேணும்."

வார்டன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டதால் அதை வெட்ட மனம் வரவில்லை.

சோறு குழைவாக, மஞ்சளும் சிவப்புமாக வந்தது. அடியிலிருந்து கிளறி நெய் விட்டு, மிக்சரைத் தொட்டுக்கொண்டு தின்றோம். கடுகு இல்லாத குறையை யாரும் பேசவில்லை. வார்டன், "டேஸ்ட் பாக்கேன்" என்று ஆரம்பித்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

வீடியோ விடுதி வாட்ஸாப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து யார் யார் வழியாகவோ சுற்றி, எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் வந்துவிட்டது. என் முகம் தெரியவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். குரல் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

வாப்பா ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே போனவர், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். டம்ளரைக்கூட உம்மாதான் கையில் கொடுக்க வேண்டும்.

"எனக்குத் தண்ணி மோந்து குடிக்கத் தெரியாதா?" என்றார். குரலில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. "தக்காளி அவ்வளவு போட்டுட்டு மூணு டம்ளர் தண்ணியா? கொழகொழன்னு ஆயிருக்குமே. ஆயிருந்துச்சா இல்லியா?"

"ஆயிருந்துச்சு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு வீடியோ வந்தது. அதிலும் முகம் இல்லை. லுங்கி, பனியன், எனக்கு நன்றாகத் தெரிந்த மோதிரம் போட்ட கை. பின்னால் ஈரடுக்குக் கட்டில்கள். அந்தக் கை வெங்காயத்தை நறுக்கிய வேகத்தில் என் உம்மாவே தோற்றுப்போவாள். பெரிய குக்கர். எட்டுப் பேர் தங்கும் அறை, வெள்ளிக்கிழமை அவர் முறை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அடுத்து வாப்பாவின் குரல்: "ஆஸ்டலுத் தோழிகளே, இதான் தக்காளிச்சோறு. பாத்துப் படிச்சிக்கிடுங்க."

நான் உடனே கூப்பிட்டேன். "ஏன் இத்தன நாளு சொல்லல?"

"சொன்னா, ஊருக்கு வந்தாலும் ஒங்க உம்மா அடுப்படியிலல்லா விட்ருவா? அவகிட்டக் காட்டிராதே."

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் காட்டினேன்.

உம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வாங்கி மறுபடி ஓட்டினாள். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தி, அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மணிக்கட்டுப் பக்கம் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள்.

"பெட்டி தூக்கையில உரசுனதுன்னுல்லா சொன்னாரு" என்றாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "வரட்டும்" என்றாள்.

வந்தார். வந்த மறுநாளே உம்மா அரிசி டப்பாவை அவர் முன்னால் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வாப்பா அவளை முறைத்துப் பார்த்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டினார். வாசனை தெரு முனைவரை போனது. ஒரே சிக்கல், அவருக்கு எட்டுப் பேருக்குத்தான் அளவு தெரியும். நாங்கள் மூன்று பேர் தின்றும் பாத்திரம் குறையவே இல்லை. உம்மா தூக்குவாளியில் அள்ளிப்போட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நீ ஆக்குனதுன்னே சொல்லு" என்று வாப்பா உள்ளறையிலிருந்து கெஞ்சினார்.

வாசலைத் தாண்டுவதற்குள் உம்மா சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்: "எங்க வீட்டு ஆம்பள ஆக்குன சோறு. சட்டியக் கொண்டாங்க."