பொதுச் சுவரில் மாட்டிய டிவி

என் முதுகை மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு வழிதான் இருக்கிறது என்றார். தினமும் காலையில் உடற்பயிற்சி, இல்லையென்றால் அறுவை சிகிச்சை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் பக்கத்துப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் பல வருடம் குலுங்கிக்குலுங்கிப் போய் வந்த டீச்சருக்கு முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கத்திக்குப் பயந்து நான் உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுத்தேன். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் ஒரு யோகா வீடியோவை அனுப்பிவைத்தாள். முப்பத்தைந்து நிமிடம். நல்ல தமிழில், அவசரமே இல்லாத குரலில் ஒரு அம்மா சொல்லிக்கொடுப்பார்.

கைப்பேசியின் சின்னத் திரையில் அதைப் பார்த்துச் செய்ய முடியவில்லை. குப்புறப் படுத்தால் படம் தெரியாது. டிவியில் போடலாம் என்றால், கடைக்காரர் வந்து மாட்டிய இடம் பரண் உயரம். பாயில் மல்லாந்தபடி அதைப் பார்த்ததில் முதுகு வலியோடு கழுத்து வலியும் சேர்ந்துகொண்டது.

என் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு போர்ஷன்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் யார் வீட்டுக்கும் போவார். அவரிடம் சொன்னேன்.

வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சாமி படமா? கும்பிடறதுக்கு மாட்டி வெச்சிக்கிறியா?" என்றார்.

அன்றே டிவியைக் கழற்றினார். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், காலை வெயில் திரையில் அடித்துப் படம் தெரியாது என்று சொல்லி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில், என் இடுப்பு உயரத்துக்கும் தாழ்வாக மாட்டினார். என்னைப் பாயில் படுக்கச் சொல்லி, ஒருக்களிக்கச் சொல்லி, ஒவ்வொரு நிலையிலும் கழுத்தை வளைக்காமல் படம் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, டிவியைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்தும் வைத்தார்.

அவர் வீட்டு வைஃபையில்தான் என் வீட்டுக்கும் நெட். மாதம் மாறி மாறிக் கட்டுவோம். என் கைப்பேசியையும் டிவியையும் அதில் சேர்த்துவிட்டு, வீடியோவின் மேல் மூலையில் அலை போட்ட ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினார். அதைத் தொட்டால் டிவியின் பெயர் வரும், பெயரைத் தொட்டால் படம் அங்கே போய்விடும். "அப்புறம் போன் வெறும் ரிமோட்டுதான். போன் வந்தா பேசு, படம் பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும். சவுண்டும் இதுலயே ஏத்தலாம், கம்மி பண்ணலாம்." ஒலி அமைப்பில் பேச்சுக்கென்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். பின்னணிப் புல்லாங்குழல் அடங்கி, அந்த அம்மாவின் குரல் துலங்கிக் கேட்டது.

மறுநாளே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சவுண்டு பத்தலம்மா, காதுல வுழுவுற மாதிரி வையி," என்று கூவினார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அக்கா சிரிப்பதும் கேட்டது.

எட்டு மாதம் ஒரு நாள் விடாமல் செய்தேன். செய்தேன் என்றால், கடைசி ஐந்து நிமிடத்தைத் தவிர. கடைசியில் சவாசனம். கண்ணை மூடிச் சும்மா கிடக்க வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை கிடையாது. காலை நேரத்தில் எந்தப் பொம்பளைக்குச் சும்மா கிடக்க முடிகிறது? வீடியோவை அது பாட்டுக்கு ஓடவிட்டு நான் டீ போடப் போய்விடுவேன். "மெதுவாக வலது பக்கம் திரும்பி, எழுந்து உட்காருங்கள்" என்று அந்த அம்மா சொல்லும்போது என் டீ கொதித்திருக்கும்.

அன்று பள்ளியில் ஆண்டு விழா. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சவாசனம் தொடங்கியதுமே கைப்பேசியில் வீடியோவை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். புடவை கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் அலறல் கேட்டது. ஓடிப்போனேன். உள் அறையில், சுவரோரம், பாயில் அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். கைகள் இரண்டும் பக்கத்தில், உள்ளங்கை மேல் பார்த்து. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மாரடைப்பு என்றார்கள். இறந்து அரை மணி நேரமாவது இருக்கும் என்றார்கள்.

உள்ளங்கை மேல் பார்த்திருந்ததை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அக்கம்பக்கத்தில் டிவி போட மாட்டார்கள். நானும் என் டிவியின் ஸ்விட்சைச் சுவரிலேயே அணைத்துவிட்டேன். வீடியோ இல்லாமல் செய்து பார்த்தேன். எதற்குப் பிறகு எது என்று தடுமாறியது. செய்யாமல் விட்டேன். எட்டாம் நாள் இடது கால் மரத்துப்போய், பஸ் படியில் ஏற முடியாமல் நின்றேன். கண்டக்டர் கைகொடுத்து ஏற்றினார். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் விடிகாலை, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, படத்தை மட்டும் பார்த்துச் செய்வோம் என்று டிவியின் ஸ்விட்சைப் போட்டேன். அது விழித்துக்கொள்வதற்குள், எனக்கிருந்த அவசரத்தில், கைப்பேசியில் அந்தச் சதுரத்தைத் தொட்டேன். ஒரு பெயர் வந்தது. என் டிவியின் பெயர்தான். தொட்டேன்.

என் திரையில் கம்பெனி முத்திரைதான் நின்றுகொண்டிருந்தது. குரல் பக்கத்து வீட்டில் கேட்டது.

"வணக்கம். கண்களை மூடுங்கள். மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்."

இரண்டு வீட்டு டிவியும் ஒரே தள்ளுபடியில் வாங்கியவை. ஒரே கம்பெனி, ஒரே பெயர். பட்டியலில் எப்போதும் இரண்டும் வரும், மேலே இருப்பது என்னுடையது. என்னுடையது நெட்டில் சேர்வதற்கு முன்பே, அவர்களுடையது தயாராகக் காத்திருந்தது. அண்ணன் எப்போதும் ரிமோட்டில்தான் அணைப்பார், சுவர் ஸ்விட்சைத் தொட மாட்டார். அவருக்குப் பிறகு யாரோ அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியதோடு சரி. அவர் வைத்திருந்த அதே சத்தத்தில் அது பேசியது. செத்தவர் வீட்டில், ஒன்பதாம் நாள், விளக்குக்குப் பக்கத்தில், மூச்சை இழுக்கச் சொல்லிப் பேசியது.

எதை எதையோ அழுத்தினேன். அதற்குள் அண்ணனின் தம்பி, திருநாவலூரிலிருந்து வந்து தங்கியிருந்தவர், ஒயரைப் பிடுங்கிவிட்டார். குரல் பாதியில் அறுந்தது. நான் ஓடிப்போய் வாசலில் நின்றேன்.

"படிச்சவங்கதானே நீங்க? எழவு வூடுன்னு ஒரு இது வாணாமா?" என்றார் அவர்.

நான் உள்ளே பார்த்தேன். அக்கா சுவரில் சாய்ந்தபடி அந்தத் துணி மூடிய டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. இனி இந்த அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்தபடி திரும்பினேன். டிவியோடு நெட்டுப் பெட்டியையும் அந்தத் தம்பி பிடுங்கியிருந்ததால் அன்றிலிருந்து என் வீட்டிலும் நெட் இல்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

பதினேழாம் நாள், இருட்டுப் பிரியாத காலையில், கைப்பேசியில் வைஃபை தானாகச் சேர்ந்த அடையாளம் வந்தது. சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம். அக்கா. பாயைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

"அக்கா, அன்னிக்கு தெரியாம..."

"அத கேக்கல. இந்த பாஞ்சு பதினாறு நாளா ஏன் போடலன்னு கேக்கறேன். அஞ்சரைக்கு முழிப்பு வந்துடுது. அந்தம்மா குரலுக்குத்தான் காத்துக்கினு கெடக்கறேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அண்ணனுக்கும் அந்த எட்டு மாதமாக அதுதான் யோகா. மருத்துவர் நடக்கவும் உடம்பை வளைக்கவும் சொல்லியிருக்கிறார். தன் வீட்டு டிவியில் போட்டுச் செய்ய அவருக்குக் கூச்சம். டிவி கூடத்தில், காலையில் வாசல் கதவு திறந்திருக்கும், காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தால் தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் உள் அறையில் சுவரோரம் பாயைப் போட்டு, என் டிவியின் குரலைக் கேட்டுச் செய்திருக்கிறார். ஜன்னல் வெயில் என்று சொல்லி அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்ததும், சவுண்டு பத்தலை என்று கூவியதும் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அன்னிக்கும் செஞ்சாரு. கடைசியில படுத்தாரு. அந்தம்மா எழுந்திருன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பாரு, அதுக்கு முன்னாடி கூப்ட்டா கோவம் வரும். அந்தம்மா சொல்லவே இல்ல. நானும் எழுப்பல." அக்காவின் குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எல்லாம் என்னாலதான். சட்னிக்கு மிக்ஸி போட, நெட்டுப் பெட்டி பிளக்க நான்தான் புடுங்கினேன். அதான் நின்னுபோச்சி. அது நிக்கலன்னா எழுந்திருன்னு சொல்லியிருக்கும், அவரு எழுந்திருக்கலன்னா நான் ஓடிப்போய் பாத்திருப்பேன். யார்கிட்டயும் இத சொல்லல."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அக்கா பிளக்கைப் பிடுங்கியது உண்மை. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பக்கத்து வீட்டு உறவு போனால் எனக்கு இந்தத் தெருவில் வேறு மனிதர் கிடையாது. இத்தனையையும் அந்த ஒரு நிமிடத்தில் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"அக்கா, நீங்க மிக்ஸி போட்ட சத்தம் நான் குளிக்கறப்ப கேட்டுச்சிங்க. அதுக்கு முன்னாடியே நான் நிறுத்திட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு. நெட்டு நிக்கலீங்க. நான்தான்."

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப நான் இல்லியா?" என்றார்.

"இல்லீங்கக்கா."

அதற்குப் பிறகுதான் அழுதார். என் மடியில் முகத்தை வைத்து, வெளியே பால்காரர் மணி அடித்துப் போகும்வரை அழுதார். பின்னால் ஒரு மருத்துவரிடம் கேட்டேன். அந்த மாதிரி மாரடைப்பில் ஐந்து நிமிடம் முன்னால் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். சில நாள் அதை நம்புகிறேன், சில நாள் முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா பாயை விரித்தார். "போடு. கடைசி வரைக்கும் போடு."

டிவி முழுதாக விழிக்கும்வரை காத்திருந்தேன். அக்கா தன் வீட்டு டிவி ஒயரையும் மாட்டியிருக்க வேண்டும், பட்டியலில் இரண்டு பெயரும் வந்தன. மேலே இருந்ததைத் தொட்டேன், என் திரையில் அந்த அம்மா தெரிந்தார். சத்தத்தை அக்கா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி அண்ணன் வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு ஏற்றினார். சவாசனம் வந்தபோது எழுந்து டீ போடப் போக எனக்குக் கால் வரவில்லை. முதல் தடவையாக நானும் படுத்தேன். அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மெதுவாக வலது பக்கம் திரும்பி, எழுந்து உட்காருங்கள்."

நான் எழுந்துவிட்டேன். அக்கா கண்ணை மூடியபடி, உள்ளங்கை மேல் பார்க்க, அப்படியே கிடந்தார். "அக்கா," என்றேன். "அக்கா, சொல்லிட்டாங்கக்கா. எழுந்திரிங்க."

அவர் வலது பக்கம் திரும்பி, கையை ஊன்றி, மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.