ஒரு ‘என்’ குறைந்த குறுஞ்செய்தி

கஞ்சி வாசனை போகாத லைனிங் துணியில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துச் ‘சர்ர்ர்’ரென்று கிழிக்கும் சத்தம்தான் என் சின்ன வயது முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் அப்பா ‘மேட்சிங் கடை’ வைத்திருந்தார். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை ஆகியவைதான் வியாபாரம். கடைக்கு மேலேயே வீடு. அந்தக் கிழிக்கும் சத்தம் பெரும்பாலும் வசந்தா அக்காவின் கைகளிலிருந்து வரும்.

வசந்தா அக்காவுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். கள்ளக்குறிச்சியின் கடைசியில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தார். என் பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்தது, எனக்குத் தலை பின்னிவிட்டது, கடையில் யாரும் இல்லாத நேரத்தில் மீந்த துண்டுகளில் பொம்மைக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தது எல்லாம் அவர்தான். மலையில் படுத்த படுக்கையாக இருந்த அவருடைய அம்மாவுக்கு மருந்தும் அரிசியும் போனது இந்தக் கடைச் சம்பளத்தில் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

அப்போது எல்லோரிடமும் பட்டன் போன்தான். பேசினால் காசு போகும், ‘மெசேஜ் கார்டு’ என்று தனி ரீசார்ஜ் போட்டிருந்தால் மெசேஜுக்குப் போகாது. ‘மெசேஜ் கார்டு’ போட்டவர்கள் நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் ஒரு நிமிடம் பேசக் காசு இருக்காது. கடைக்கு வர முடியாத நாளில் வசந்தா அக்கா அப்பாவுக்கு ஒரு ‘மிஸ்டு கால்’ கொடுப்பார், அப்பா திரும்ப அழைத்துப் பேசுவார், இதுதான் அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு அப்படியே இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

முகூர்த்த மாதம். காலையில் கடை திறந்து அப்பா சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திக்கொண்டிருக்கும்போது, கண்ணாடி மேசை மேல் கிடந்த போன் ‘ட்ர்ர்’ என்று நகர்ந்தது. தெரியாத எண். அப்பா ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பார். தமிழ்ச் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்தான், ஆனால் அந்த போனில் தமிழ் எழுத்து வந்தால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் ஊரே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் இப்படி இருந்தது:

Ana nan Vasantha. Amaku udambu mudila. Ini velaiku varala. Nandri.

“அண்ணா நான் வசந்தா. அம்மாக்கு உடம்பு முடில. இனி வேலைக்கு வரல. நன்றி.” அப்பா சத்தமாகப் படித்துவிட்டு மறுபடியும் ஒரு முறை உதட்டுக்குள் படித்தார். “இன்னா வேலை பண்ணி வச்சிருக்கா பாத்தியா? முகூர்த்த நேரத்துல நின்னுட்டா! யார் போன்லயோ நாலு வரியில முடிச்சிட்டா!”

பள்ளிக்குக் கிளம்பி நின்ற நான் போனை வாங்கிப் பார்த்தேன். ‘அம்மா’வுக்கே ஓர் ‘எம்’தான் இருந்தது. அப்படியானால் இந்த ‘ini’ வேறு ஏதோவாக இருக்கலாம் என்று தோன்றியது. “அப்பா, இது ‘இன்னிக்கு’ன்னு இருக்குமோ?” என்றேன்.

“எங்க இருக்குது ‘க்கு’? எழுதினத படி. இல்லாதத ஏன் படிக்கிற?”

அவர் படித்தது எழுத்துக்கு எழுத்து சரி. ‘அமாக்கு’ என்று ஒரு சொல் தமிழில் இல்லாததால் கண் தானாகவே இன்னொரு ‘ம்’மைச் சேர்த்துக்கொள்கிறது. ‘இனி’ என்று ஒரு சொல் இருந்து தொலைத்ததால் அங்கே கண் எதையும் சேர்க்கவில்லை. இதையெல்லாம் பதினோரு வயதில் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பள்ளி வேன் வேறு ஆரன் அடித்தது.

அப்பா ஒன்றும் விசாரிக்காமல் இருந்துவிடவில்லை. செய்தி வந்த எண்ணுக்குப் போட்டார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வசந்தா அக்காவின் எண்ணுக்குப் போட்டார், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. மலைக்கு மேலே அன்றைக்கு டவர் ஏது? பதினோரு மணிக்குள் கடையில் கூட்டம் நெருக்க, எதிர்த்த வீட்டுத் தையல்காரரிடம் அப்பா புலம்ப, அவர் சின்னசேலத்திலிருந்த தன் அக்கா மகள் ரேவதிக்கு வேலை வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நினைவுபடுத்த, மதியமே அந்தப் பெண் பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் பள்ளி விட்டு வந்தபோது ‘சர்ர்ர்’ சத்தம் கேட்டது. ஆனால் அது பாதியில் திக்கித் திக்கி நின்றது.

“ஒரு நாள் பொறுத்துப் பாத்திருக்கலாம் இல்ல?” என்றாள் அம்மா.

“அவளே நன்றின்னு போட்டுட்டா. நன்றி சொல்லிட்டுப் போறவளுக்கு நான் இன்னா, கோலம் போட்டுக் காத்துக்கினு இருக்கணுமா?”

மறுநாள் காலையில், வழக்கம்போலக் கடை திறக்கிற நேரத்துக்கு, வசந்தா அக்கா வந்து நின்றார். கையில் இலையில் சுற்றிய பலாச்சுளை. “பாப்பா, இந்தா, மலைப் பலா” என்று என்னிடம் நீட்டிவிட்டு, பின்னலைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக உள்ளே போனவர், தன் இடத்தில் ரேவதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

“யாருண்ணா இது?”

“நீதான நின்னுட்டேன்னு சொன்ன?”

“நானா? நேத்து ஒரு நாளு லீவு சொன்னேன். அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு சேதி வந்துச்சு, விடியக்கால பஸ்ஸுக்கு ஓடினேன். கார்டுல காசு இல்ல, மிஸ்டு காலு கூடப் போவல. பக்கத்து வூட்டு சேகர்கிட்ட சொல்லிட்டுப் போனேனே!”

அப்பா போனைத் திருப்பிக் காட்டினார். அக்கா அதை வாங்கி, வெளிச்சத்தில் வைத்துத் துணியின் நிறம் பார்ப்பதுபோல வாசல்வரை கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கும் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கில எழுத்துதான் வராது. தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேர், ஒரு தமிழ் வரியை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கவேண்டும்போல இருக்கும்.

சேகரை அழைத்துவந்தார்கள். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த, மீசை அப்போதுதான் அரும்பிய பையன். போனைப் பார்த்துவிட்டு, “கரெக்டாத்தானே இருக்குது? இன்னிக்கு வேலைக்கு வரல” என்றான்.

“டேய், ‘இனி’ன்னு போட்டிருக்குடா!”

“ரெண்டு ‘என்’ போடணும்னா ஆறாம் நம்பர ரெண்டு தபா அமுக்கி, கோடு நகர்ற வரைக்கும் நின்னு, மறுபடி ரெண்டு தபா அமுக்கணும் சார். நிக்காம அமுக்குனா வேற எழுத்து வந்துடும். யாரு நிப்பா? எல்லாரும் ஒன்னுதான் போடுவோம்.”

“சரி, ‘க்கு’ எங்கடா?”

“அதான் ‘வேலைக்கு’ல ஒரு ‘க்கு’ வருதே, பக்கத்துலயே இன்னொன்னு எதுக்குன்னு வுட்டேன்.”

ரேவதி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“நன்றின்னு ஏன் போட்ட? நான் அதச் சொல்லலையேடா” என்றார் அக்கா.

“லீவ் லெட்டர்னா கடைசியில நன்றி போடணும்க்கா. ஸ்கூல்ல போடலன்னா மார்க் குறைப்பாங்க.” நல்ல பையன்தான். அக்கா சொன்னதைவிட மரியாதையாக இருக்கட்டும் என்று தானாகவே சேர்த்திருக்கிறான். செய்முறைத் தேர்வுக்காக போனை அணைத்து வைத்தவன், மாலையில் அப்பா அழைத்ததாகக் கம்பெனியிலிருந்து வந்திருந்த மெசேஜைப் பார்த்திருக்கிறான். திரும்பப் பேசக் காசில்லை. வேண்டுமென்றால் அவரே போடுவார் என்று விட்டுவிட்டான்.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது, இனி சரியாகிவிடும் என்று நான் பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டு நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் விளங்கியதால் எதுவும் சரியாகவில்லை. தையல்காரர் எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ரேவதியையும் பார்த்தார், தெருவையும் பார்த்தார். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற கடை இல்லை அது.

“நான் வாக்குக் கொடுத்துட்டேன் வசந்தா. நீயும் யோசிச்சுப் பாரு. எழுத்துல வந்துச்சு, நான் படிச்சேன். என்மேல இன்னா தப்பு? கொஞ்ச நாள் போவட்டும், தீபாவளிக்குக் கூட்டம் ஜாஸ்தி ஆனா கூப்பிடறேன்.”

“இத்தினி வருசத்துல நான் சொல்லாம நின்னிருக்கேனாண்ணா? நானு வர்ற வரைக்கும் பொறுக்கத் தோணலையா?”

“நீ வருவேன்னு அதுல இல்லையே.”

அக்கா கொக்கியில் தொங்கிய தன் கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சேகரின் தோளைத் தட்டி, “நீ பயப்படாதடா, நீ சரியாத்தான் அடிச்சிருக்க” என்றார். அப்பாவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, பிசிறில்லாமல் சொன்னார்: “இனி வேலைக்கு வரலண்ணா. நன்றி.”

அந்தச் செய்தி அப்போதுதான் உண்மையானது.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மலைக்கே போய்விட்டார் என்றும், உளுந்தூர்பேட்டையில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு அப்பா அவர் எண்ணுக்குப் போட்டார், அது உபயோகத்தில் இல்லை.

இன்று அந்த பட்டன் போன்கள் இல்லை, மெசேஜ் கார்டு இல்லை, எங்கள் மேட்சிங் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. தமிழைத் தமிழிலேயே அடிக்கலாம். ஆனாலும் மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் ஆசிரியைக்கு ஒரு வரி அனுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. ‘இன்று’ என்று அடித்து, தேதியும் போட்டு, ‘நாளை வருவாள்’ என்று சேர்த்து, காய்ச்சல் நாளையும் விடாவிட்டால் என்ன செய்வது என்று அதை அழித்து, மறுபடியும் சேர்ப்பேன். என் கணவர், “அனுப்பித் தொலையேன்” என்பார்.

போன வாரம் பக்கத்து வீட்டு தேவகி அக்கா கையில் பையோடு வந்து நின்றார். ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். “பாப்பா, எங்க முதலாளிக்கு இன்னிக்கு லீவுன்னு ஒன்னு போட்டுக் குடு.” நீங்களே பேசுங்கள், குரலாக அனுப்பிவிடலாம் என்றேன். “கடை சத்தத்துல அவரு அதெல்லாம் கேக்க மாட்டாரு. எழுத்துன்னாதான் பாப்பாரு.” அடித்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகையில் ‘in’ என்று தொடங்கியதுமே போன் முந்திக்கொண்டு ‘இனி’ என்று நீட்டியது. அழித்தேன். தேதி போட்டேன், கிழமை போட்டேன், நாளை காலை வருவேன் என்று போட்டேன், நன்றியை மட்டும் போடவில்லை. மூன்று முறை படித்துக் காட்டினேன்.

“போதும் பாப்பா, பஸ்ஸு போயிடும்!” என்று ஓடினார்.

இரண்டு டிக்கும் நீலமாகிற வரை குக்கரை அணைக்காமல் நின்றேன். முதலாளி படித்துவிட்டார். பதிலும் வந்தது. ஒரே ஒரு கட்டை விரல்.

அவர் எதைப் படித்துவிட்டு எதற்குச் சரி என்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?