பூட்டு இருந்த லேயர்

வேங்கிக்காலில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் எனக்கு முதல் வேலை. கல்யாண பேனரில் மணப்பெண்ணை மலைப் படத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். போட்டோவில் அவளுக்குப் பின்னாலிருந்த நீலச் சுவரை கம்ப்யூட்டரில் எரேசரால் அழித்தேன். நீலம் போய் வெள்ளை வந்தது. மலைமேல் இழுத்து வைத்தால், வெள்ளை அட்டையில் ஒட்டிய பொம்மை மாதிரி நின்றாள். மறுபடி அழித்தேன், மறுபடி வெள்ளை.

பக்கத்து சீட்டு சீனியர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"காலையிலேர்ந்து என்னாம்மா பண்ற?" என்று முதலாளி கத்தியதும்தான் சீனியர் எழுந்து வந்தார். போட்டோ இருந்த அடி அடுக்கான பேக்ரவுண்ட் லேயரின் பூட்டுக் குறியை ஒரே கிளிக்கில் எடுத்துவிட்டு அழித்தார். வெள்ளை போய், ஒன்றுமில்லை என்பதற்கான சாம்பல் கட்டங்கள் தெரிந்தன.

"பூட்டு இருந்தா அந்த லேயர்ல டிரான்ஸ்பரன்ட்டே வராதுங்க. எரேசர் அழிக்காது, பேக்ரவுண்ட் கலரைத்தான் பூசும்," என்று முதலாளிக்கு விளக்கினார். முதலாளி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்பாரு?" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகும் அவர் பக்கத்திலேயேதான் வேலை பார்த்தேன். அண்ணா என்று மட்டும் கூப்பிடவில்லை.