நான்கு அங்குல மடிப்பு

நடந்தவை:

1. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு முப்பது வருடமாகப் போர்டு எழுதிய என் ஆயாவிடம், அதன் முதலாளி இனி பெயின்ட் கிடையாது, ஃப்ளெக்ஸ்தான் என்றார்.
2. "அப்ப அதையும் நானே போட்டுத் தரேன்" என்றாள் ஆயா. அவர் சிரித்தார். ஆடித் தள்ளுபடிக்குள் டிசைன் ஃபைல் வராவிட்டால் கடை முகப்புப் போர்டு வேலை ஃப்ளெக்ஸ் கடைக்கே போய்விடும் என்றார்.
3. கம்ப்யூட்டரில் வரையக் கற்றுத்தரும் வேலை எனக்கு வந்தது. நான் டிசைன் படித்தவள்.
4. தப்பு செய்தது ஆயா அல்ல.

இருபதடிக்கு நாலடி போர்டு. பத்தில் ஒரு பங்கு அளவில் பக்கத்தை அமைத்துக் கொடுத்தேன். கடைப் பெயருக்கு நூறு ஃபாண்ட் காட்டினேன். எதையும் அவள் தொடவில்லை.

"இன்னா இது, எல்லாம் பல்பொடி பாக்கெட்டு மாரி கீது."

பேனா டூலை எடுத்து, புள்ளி வைத்து, வளைவை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். முதல் 'ஸ்ரீ' முடிய நான்கு நாள். நல்ல ஃபாண்ட் இருக்க இது என்ன வீம்பு என்று எரிச்சலாக இருந்தது. எல்லா எழுத்தும் முடிந்ததும், ஓரம் வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க, சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் சிவப்புப் பின்னணியைக் கூட்டச் சொன்னேன். கல்லூரியில் படித்தது அது.

"சட்டத்துல எவ்ளோ மடிப்பாங்க?"

"அதெல்லாம் இதுலயே வந்துடும், ஆயா." தெரியாததை எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்!

ஆயா நம்பவில்லை. மறுநாள் பஸ் ஏறி ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள். ஃபைலை பென் டிரைவில் போட்டுக்கொண்டு நானும் போனேன். வேறு யாருக்கோ அச்சடித்த ஃப்ளெக்ஸை இரும்புச் சட்டத்தில் இழுத்து, பின்பக்கம் மடித்து ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் டேப்பை வைத்து அளந்தாள்: நான்கு அங்குலம். என் மூன்று மில்லிமீட்டர் நிஜ அளவில் ஒன்றேகால் அங்குலம்கூட வராது. போர்டு எழுதிய பழக்கத்தில் ஓரம் வரை அவள் நிறுத்தியிருந்த எழுத்துகளில் முதலாவதன் ஓரமும் கடைசியின் ஓரமும் சட்டத்துக்குப் பின்னால் போயிருக்கும்.

"பெரிய படிப்பு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அங்கேயே ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னணியை நாலு பக்கமும் நான்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வெளியே இழுத்தாள். எழுத்துகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். ஆபரேட்டர் திரையைத் தட்டினார்.

"இன்னா ஃபாண்ட் ஆயா இது? என் சிஸ்டத்துல இல்லாத ஃபாண்டுன்னா வேற எழுத்தா மாறிடும், இது மாறாம வந்துக்கீதே?"

"ஃபாண்டே இல்ல நைனா. மாறுறதுக்கு இன்னா கீது?"

போர்டு ஆடிக்கு முன் ஏறிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "படிச்ச புள்ள கை வச்சா தனிதான்மா" என்றார். ஆயா பக்கத்தில்தான் நின்றாள். போர்டு எழுதியது யார் என்று நான் சொன்னேன். அவருக்கு அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

இன்றைய நிலை: முகப்பு ஆயாவிடம்தான் இருக்கிறது, தீபாவளி போர்டும் அவளுக்கே. போர்டின் வலது கீழ் மூலையில், பெயின்ட் காலத்தில் அவள் கையெழுத்துப் போட்ட இடத்தில், ஃப்ளெக்ஸ் கடையின் போன் நம்பர் இருக்கிறது.